காஸ்டிங் குறைகள்: மோல்டிங், கோர், ஊற்றும் பிரிவு எல்லோருக்குமான தமிழ் சார்ட்

இன்ஸ்பெக்ஷன் பெஞ்சுக்கு மேலே இத்தனை நாள் தொங்கிய இங்கிலீஷ் சார்ட்டுக்குப் பதிலாக இது. நம்மிடம் ஓடும் மோனோபிளாக் பம்ப் வால்யூட், மோட்டார் பாடி, பேரிங் ஹவுசிங் மூன்றையும் மனதில் வைத்து எழுதியது, அதாவது பச்சை மணலில் ஊற்றும் கிரே அயர்ன். ரிஜெக்ஷன் புக்கில் பாதிக்கு மேல் வெறும் "ஓட்டை" என்றுதான் எழுதியிருக்கிறது. ஓட்டை என்று பார்த்ததும் மணலில் தண்ணியைக் குறைக்கச் சொல்கிறோம், ஆனால் அது சுருங்கியதால் வந்த ஓட்டையாக இருந்தால் தண்ணியைக் குறைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை, மணல் காய்ந்து உதிர்ந்து அடுத்த நாள் மணல் குறை வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் பெயரைச் சரியாகப் பிடித்து எழுத வேண்டும்.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். ஓட்டையின் உள்சுவர் எப்படி இருக்கிறது, அது காஸ்டிங்கில் எந்த இடத்தில் இருக்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் பெட்டிப் பக்கமா, கீழ்ப் பெட்டிப் பக்கமா, கேட்டுக்குப் பக்கத்திலா, கோரை ஒட்டியா என்று தெரிந்தாலே பாதி காரணம் தெரிந்துவிடும். ஷாட் பிளாஸ்ட் ஆன பிறகு பார்ப்பது நல்லது, மணல் ஒட்டியிருக்கும்போது பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

சாக்பீஸ் குறி: கேஸ் ஓட்டைக்கு வட்டம், கோல்ட் ஷட்டுக்கு நீளக் கோடு, ஷ்ரிங்கேஜுக்குப் பெருக்கல் குறி. மற்றதற்குப் பெயரையே எழுதிவிடுங்கள்.

கேஸ் ஓட்டை: புளோஹோல், பின்ஹோல், போராசிட்டி (வட்டம்)

உள்சுவர் வழவழப்பாக, உருண்டையாக, பெரும்பாலும் பளபளப்பாக இருக்கும். பெரியதாக ஒன்றிரண்டு இருந்தால் புளோஹோல். ஊசியால் குத்தியது போல தோலுக்கு அடியில் கூட்டமாக இருந்தால் பின்ஹோல். வெளியே ஒன்றும் தெரியாமல் லேத்தில் ஒரு கட் எடுத்ததும் வெளியே வருவது பெரும்பாலும் இந்தப் பின்ஹோல்தான். கேஸ் மேலே ஏறும் என்பதால் மேல் பெட்டிப் பக்கமும் கோருக்கு மேல் பக்கமும்தான் அதிகம் பார்க்க வேண்டிய இடம்.

கேஸ் எங்கிருந்து வருகிறது? மணலில் இருக்கும் தண்ணியிலிருந்து, கோரில் இருக்கும் பைண்டரிலிருந்து, ஈரமான லேடிலிலிருந்து, துரு பிடித்த சாப்லெட், சில் இரும்பிலிருந்து. வெளியே போக வழி கிடைக்காத கேஸ் மெட்டலுக்குள் புகுந்துகொள்கிறது.

மோல்டர் செய்ய வேண்டியது: மணல் ஈரம் நம் மிக்சருக்கு 3.5 முதல் 4 சதவீதத்துக்குள். லேப் சீட்டு வராமல் புது பேட்ச்சைத் தொட வேண்டாம். பேட்டர்ன் எடுப்பதற்கு முன்னால் ஓரத்தில் துணியால் தண்ணி தொட்டு விடுகிறோமே, அங்கே கொஞ்சமாகத் தொடுங்கள், மொத்த மணலும் சரியாக இருந்து அந்த ஓரம் மட்டும் சொதசொதவென்று இருந்தால் அந்த ஓரத்தில் மட்டும் புளோஹோல் வரும். வென்ட் கம்பியைப் பேட்டர்னைத் தொடும் வரை இறக்காமல் ஒரு விரல் தடிமன் முன்னாலேயே நிறுத்துங்கள். மணலைக் கல் மாதிரி இடித்தாலும் கேஸ் போகாது, தூள் மணல் அதிகமாகச் சேர்ந்துவிட்டாலும் போகாது.

கோர் பிரிவுக்கு: ஷெல் கோர் தேன் நிறத்துக்கு வெந்திருக்க வேண்டும், வெளிர் மஞ்சளாக இருந்தால் உள்ளே வேகாத ரெசின் இருக்கிறது, அது மெட்டல் பட்டதும் கேஸாக மாறும். சிஓ2 கோரை மழை நாளில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும், காலையில் அப்படியே பெட்டியில் வைக்கக் கூடாது. கோரின் வென்ட் ஓட்டை கோர் பிரிண்ட் வழியாகப் பெட்டிக்கு வெளியே வரை திறந்திருக்கிறதா என்று மூடுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். கோர் பேஸ்ட் அதிகமாகப் போய் அந்த வழியை அடைத்துவிடுவது வால்யூட் கோரில் அடிக்கடி நடக்கிறது.

ஊற்றுபவருக்கு: புது லைனிங் போட்ட லேடிலைப் பர்னர் வைத்துச் சிவக்கும் வரை காய வைக்காமல் மெட்டல் பிடிக்கவே கூடாது. இது குறைக்காக மட்டும் சொல்வதல்ல, ஈர லேடிலில் மெட்டல் விழுந்தால் தெறித்து ஆளையே எரித்துவிடும்.

ஒன்று கவனியுங்கள். ஓட்டைக்குள் கருப்பாகக் கசடு ஒட்டியிருந்தால், அதுவும் மேல் பக்கம் இருந்தால், மணலைக் குறை சொல்ல வேண்டாம். மெட்டல் ஆறிப்போன நிலையில் ஊற்றும்போது கசடும் மெட்டலில் இருக்கும் கார்பனும் சேர்ந்து கேஸ் உண்டாக்கும். அதைக் "கசடு ஓட்டை" என்று தனியாக எழுதுங்கள், அது லேடில் பக்கத்து வேலை. ஃபர்னஸில் அலுமினியத் துண்டு கலந்த ஸ்க்ராப் போனாலும் பின்ஹோல் வரும், ஆகவே ஒரே ஹீட்டில் ஊற்றிய எல்லாப் பெட்டியிலும் பின்ஹோல் இருந்தால் ஹீட் நம்பரோடு உடனே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

கோல்ட் ஷட், மிஸ்ரன் (நீளக் கோடு)

இரண்டு பக்கமாக ஓடி வந்த மெட்டல் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடு ஒன்று கலக்காமல் நின்றுவிட்டால் அது கோல்ட் ஷட். பார்க்க விரிசல் மாதிரி இருக்கும், ஆனால் விரிசல் அல்ல. விரிசலின் ஓரம் கூர்மையாக, கிழிந்தது போல இருக்கும். கோல்ட் ஷட்டின் ஓரம் உருண்டு, மழுங்கி, மடிந்தது போல இருக்கும், நகத்தை வைத்து நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். மெட்டல் போய்ச் சேராமல் ஒரு மூலையே இல்லாமல் போனால் மிஸ்ரன், இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

வால்யூட்டில் மெட்டல் கோரைச் சுற்றி இரண்டு பக்கமாகப் போய் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் சந்திக்கிறது. முதலில் அங்கே பாருங்கள். மோட்டார் பாடியில் மெல்லிசான ஃபின்னின் நுனியில் பாருங்கள்.

பெரும்பாலும் காரணம் சூடு குறைந்த மெட்டல். நம் 6 மி.மீ. சுவர் வால்யூட்டுக்கு ஊற்றும் சூடு 1380 முதல் 1400 டிகிரி. 1340க்குக் கீழே போனால் ஊற்றாமல் திருப்பி ஃபர்னஸுக்கே கொண்டு போங்கள், மீதி மெட்டல் வீணாகிறதே என்று கடைசி ரெண்டு பெட்டியில் ஊற்றி அந்த ரெண்டையும் ரிஜெக்ட் செய்வதில் மெட்டலோடு மணலும் கோரும் உழைப்பும் சேர்த்து வீணாகிறது. பைரோமீட்டர் முனையை ஒவ்வொரு லேடிலுக்கும் முக்கிப் பாருங்கள், நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்வது பகல் வெளிச்சத்தில் ஏமாற்றும்.

சூடு சரியாக இருந்தும் வந்தால், நடுவில் ஊற்றுவதை நிறுத்தினீர்களா என்று யோசியுங்கள். போரிங் பேசின் கடைசி வரை நிரம்பியே இருக்க வேண்டும், ஒரு நொடி விட்டுப் பிடித்தாலும் முன்னால் போன மெட்டல் மேல் தோல் கட்டிவிடும். இன்கேட்டில் மணல் விழுந்து அடைத்திருக்கலாம். மேல் பெட்டியில் வென்ட் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளி மெட்டலை மெதுவாக்கும். அப்புறம், குறை வந்த இடத்தை உடைத்துச் சுவர் தடிமனை அளந்து பாருங்கள், 6 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தால் கோர் நகர்ந்திருக்கிறது, அங்கே என்ன சூட்டில் ஊற்றினாலும் மெட்டல் ஓடாது.

ஷ்ரிங்கேஜ்: சுருங்கல் குழி, சுருங்கல் போராசிட்டி (பெருக்கல் குறி)

மெட்டல் உறையும்போது சுருங்குகிறது. மெல்லிய இடம் முதலில் உறைந்து, தடித்த இடம் கடைசியில் உறைகிறது, அந்தக் கடைசி இடத்துக்கு மெட்டல் வந்து சேர வழி இல்லாவிட்டால் குழி விழுகிறது. உள்சுவர் சொரசொரப்பாக, உடைத்த கற்கண்டு மாதிரி படிகம் படிகமாக இருக்கும், வடிவமும் ஒழுங்கில்லாமல் இருக்கும். வழவழப்பான கேஸ் ஓட்டையிலிருந்து இதைப் பிரிப்பது இதை வைத்துத்தான்.

ஃபிளாஞ்சும் சுவரும் சேரும் மூலை, பாஸ், போல்ட் காது, ரைசர் கழுத்துக்கு நேர் கீழே, இங்கெல்லாம் வரும். சில சமயம் குழியாகத் தெரியாது, பொடிப்பொடியாகப் பரவி இருக்கும், ஹைட்ரோ டெஸ்ட்டில் அழுத்தம் ஏற்றியதும் ஃபிளாஞ்ச் அடியில் தண்ணி வியர்த்தது போலக் கசியும். பம்புக்கு இதைவிட மோசமான குறை கிடையாது, ஏனென்றால் மெஷினிங் எல்லாம் முடிந்து கடைசியில்தான் தெரிகிறது.

இதை டிசைன் பிரச்சினை, மெத்தட் பிரச்சினை என்று மட்டும் தள்ளிவிடக் கூடாது, மோல்டர் கையில் நிறைய இருக்கிறது. கிரே அயர்ன் உறையும்போது உள்ளே கிராஃபைட் உருவாகி விரிகிறது, அந்த விரிவே சுருங்கலைப் பெருமளவு ஈடுகட்டிவிடும், ஆனால் மணல் சுவர் கெட்டியாக நின்றால்தான். இடிப்பு தளர்வாக இருந்தால் விரிவு மணலை வெளியே தள்ளிவிடும், உள்ளே குழி மிஞ்சும். அதனால் மோல்ட் ஹார்ட்னஸ் மீட்டரில் 85க்குக் குறையாமல் இருக்க வேண்டும், முக்கியமாகப் பேட்டர்னின் பக்கச் சுவர்களில், மேலே மட்டும் தட்டிவிட்டு விடக் கூடாது. கிளாம்பை ஒழுங்காகப் பூட்டுங்கள், எடையைப் பெட்டி மேலிருந்து சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் காஸ்டிங்கை எடை போடுங்கள். ஒரே பேட்டர்னில் வந்த மற்றதைவிடக் கனமாக இருந்து உள்ளேயும் குழி இருந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ரைசரையும் பாருங்கள். வேலை செய்த ரைசரின் தலை உள்ளே குழிந்திருக்கும். தலை தட்டையாக இருந்து கீழே காஸ்டிங்கில் குழி இருந்தால் ரைசர் மெட்டல் கொடுக்கவில்லை, கழுத்து சீக்கிரமே உறைந்துவிட்டது. கழுத்தை உடைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நாமாகச் சுரண்டிச் சின்னதாக்குவது கூடவே கூடாது.

மெட்டல் தேவைக்கு மேல் சூடாக இருந்தாலும் சுருங்கல் கூடும். கோல்ட் ஷட்டுக்குச் சூட்டை ஏற்ற வேண்டும், ஷ்ரிங்கேஜுக்குச் சில சமயம் இறக்க வேண்டும், இரண்டையும் மாற்றி எழுதினால் ஒன்றுக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றை வளர்க்கும். தடித்த பேரிங் ஹவுசிங்கை வால்யூட் சூட்டில் ஊற்றாமல், 1320 முதல் 1350க்கு இறங்கும் வரை காத்திருங்கள், ஆனால் இனாகுலண்ட் போட்டு 10 நிமிஷத்துக்கு மேல் நிற்க விடாதீர்கள், அதன் வேலை தேய்ந்துவிடும். அதனால் சூடு இறங்கட்டும், பிறகு இனாகுலண்ட் போடுங்கள்.

மற்றவை

மணல் ஓட்டை: உள்ளே மணல் இருக்கும், குத்தினால் உதிரும். ரன்னரை ஊதிச் சுத்தம் செய்யாததுதான் அதிகக் காரணம். ஷிஃப்ட்: மேல் பாதியும் கீழ்ப் பாதியும் பொருந்தாமல் படி விழும், பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். வீக்கம்: இடிப்பு குறைவு. ஸ்காப்: மணல் தோல் பெயர்ந்து மெட்டல் அதற்குப் பின்னால் புகுந்தது. ஹாட் டியர்: மூலையில் கிழிந்த கோடு, உள்ளே நிறம் மாறியிருக்கும், கோர் சரிந்து கொடுக்காமல் இறுக்கமாக நின்றது காரணமாக இருக்கலாம்.

எந்த ஓட்டையையும் பட்டி வைத்தோ, சுத்தியலால் தட்டியோ மூட வேண்டாம். குறி போட்டு, பெட்டி நம்பர், ஹீட் நம்பர், நேரம் மூன்றையும் எழுதி இன்ஸ்பெக்ஷன் பெஞ்சின் இடது பக்கச் சிவப்பு டிராலியில் வையுங்கள். குறி போட்டதற்காக யாருக்கும் பீஸ் ரேட் குறையாது. ராத்திரி ஷிஃப்டில் எந்தக் குறை என்று பிடிபடாவிட்டால் உடைக்காமல், கேட்டையும் ரைசரையும் வெட்டாமல் அப்படியே வைத்துவிடுங்கள், காலை 8 மணிக்கு லேபும் மோல்டிங் மேஸ்திரியும் சேர்ந்து அறுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.