வெட்டுவதற்கு முன் துணியைத் தளரவிடும் புதிய நடைமுறை

ஸ்டோர், கட்டிங், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினர் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜூன் 16, திங்கட்கிழமை காலை ஷிப்ட் முதல், காம்பேக்டிங் முடிந்து வரும் பின்னல் துணியை ரோலிலிருந்து நேராக வெட்டுமேசைக்கு ஏற்றாமல், பிரித்து அடுக்கி, 24 மணி நேரம் தளரவிட்ட பின்னரே வெட்ட வேண்டும். லைக்ரா கலந்த துணிக்கு இது மேலும் அவசியம்.

இழுவிசையோடு சுற்றப்பட்ட துணி வெட்டிய பின் சுருங்குவதால், சென்ற மாத ஆர்டரில் நீளம் குறைந்த பீஸ்கள் தையல் முடிந்த பிறகே நம் கண்ணில் பட்டன. ஏற்றுமதித் தேதி நெருங்கும்போது ஒரு நாள் காத்திருப்பது சங்கடம்தான் என்பதால், துணி வரவை முன்கூட்டியே திட்டமிடுமாறு மெர்ச்சண்டைசர்களிடம் கூறியுள்ளேன்.

பிரித்த நேரத்தை ஒவ்வொரு அடுக்கின் சீட்டிலும் தவறாமல் எழுதவும். ஐயங்களுக்குக் கட்டிங் மாஸ்டரையும், அவசர ஆர்டர்களுக்கு என்னையும் அணுகலாம்.

உற்பத்தி மேலாளர்,
திருப்பூர் ஆலை