மாவுக் கடைக் கணக்கு: கணினி மாலை வகுப்பு, இரண்டாம் நாள்

இன்றைக்கு ஃபார்முலா. நேரம் மாலை 6 முதல் 8 வரை. ஆறு கணினிக்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஒரு கணக்கை ஒருவர் அடித்தால் அடுத்த கணக்கைப் பக்கத்தில் இருப்பவர் அடிக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் கை பழகாது.

நம் கணினிகளில் இருப்பது லிப்ரே ஆபிஸ் கால்க். வீட்டில் எக்ஸெல் வைத்திருந்தாலும், போனில் கூகுள் ஷீட்ஸ் வைத்திருந்தாலும் இந்தத் தாளில் உள்ள ஃபார்முலா எல்லாம் அப்படியே வேலை செய்யும்.

போன வகுப்பில் ஒரு அக்கா கேட்டார்: "கால்குலேட்டர் இருக்கும்போது இது எதற்கு சார்?" கால்குலேட்டர் ஒரு தடவை கணக்குப் போட்டதும் மறந்துவிடும். ஷீட் மறக்காது. ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் தானே திரும்பப் போடும். 1979-ல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். கரும்பலகைக் கணக்கில் ஒரு எண்ணை அழித்தால் மற்றதை எல்லாம் அழித்து எழுத வேண்டியிருக்கிறதே என்ற தொல்லையில் பிறந்த யோசனை அது.

முதலில் தட்டச்சு

இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கும் ஒரு வீட்டுக் கடையின் ஒரு வாரக் கணக்கு இது. புதிய ஷீட்டில் A1-ல் தொடங்கி அப்படியே அடியுங்கள்.

| நாள் | பாக்கெட் | வரவு | செலவு | மிச்சம் |
|---|---|---|---|---|
| திங்கள் | 32 | | 850 | |
| செவ்வாய் | 28 | | 790 | |
| புதன் | 35 | | 900 | |
| வியாழன் | 30 | | 820 | |
| வெள்ளி | 26 | | 760 | |
| சனி | 54 | | 1310 | |
| ஞாயிறு | 61 | | 1480 | |

பிறகு G1-ல் "ஒரு பாக்கெட் விலை" என்றும், H1-ல் 40 என்றும் அடியுங்கள். H1-ல் வெறும் 40 மட்டும். ரூபாய் வேண்டாம், புள்ளி வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

தமிழில் தலைப்பு அடித்த கையோடு ஃபார்முலா அடிக்கப் போனால் SUM வராது, வேறு ஏதோ தமிழ் எழுத்து வரும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். இன்றைக்கு இதை ஒரு ஐம்பது தடவையாவது செய்வீர்கள்.

வரவு: வேண்டுமென்றே ஒரு தப்பு

C2-ல் நின்று இதை அடித்து என்டர் தட்டுங்கள்.

```
=B2*H1
```

1280 வர வேண்டும். சமக்குறிதான் முக்கியம், அது இல்லாவிட்டால் நீங்கள் அடித்தது வெறும் எழுத்தாகவே நிற்கும். பெருக்கலுக்கு நட்சத்திரம், வகுத்தலுக்குச் சாய்கோடு. x போட்டால் கணினிக்குப் புரியாது.

மீதி ஆறு நாளுக்கும் அடிக்க வேண்டாம். C2-ஐத் தொட்டால் செல்லின் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரப் புள்ளி தெரியும். அதைப் பிடித்து C8 வரை இழுத்துவிடுங்கள்.

எல்லாம் 0 வந்திருக்கும். நீங்கள் தப்புச் செய்யவில்லை, நான்தான் செய்ய வைத்தேன். C3-ல் இரண்டு முறை கிளிக் செய்து உள்ளே பாருங்கள். `=B3*H2` என்று இருக்கும். இழுக்கும்போது B2 ஒரு படி இறங்கி B3 ஆனது. அது நமக்கு வேண்டியதுதான். கூடவே H1-ம் இறங்கி H2 ஆகிவிட்டது. H2 காலி. காலியால் பெருக்கினால் பூஜ்யம்.

விலை நகரக் கூடாது. அதற்கு ஆணி அடிக்க வேண்டும். அந்த ஆணிதான் டாலர் குறி.

```
=B2*$H$1
```

C2-ல் இதை அடித்து மறுபடி இழுங்கள். C8-ல் 2440 வந்தால் சரி. டாலரைத் தேடி அடிக்கச் சிரமமாக இருந்தால், ஃபார்முலாவுக்குள் H1 மேல் கர்சரை வைத்து F4 தட்டுங்கள், தானே வரும். மடிக்கணினி என்றால் Fn கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கலாம்.

எதற்கு இந்தச் சுற்று, நேராக `=B2*40` என்று போட்டால் என்ன? போடலாம். உளுந்து விலை ஏறி மாவு விலையை மாற்றும் அன்றைக்கு ஏழு இடத்தில் தேடித் தேடி மாற்றுவீர்கள், ஒன்றை விட்டுவிடுவீர்கள்.

மிச்சத்துக்கு E2-ல் `=C2-D2`. இழுத்துவிடுங்கள். திங்கள் 430, ஞாயிறு 960.

மொத்தம்

A9-ல் "மொத்தம்" என்று அடித்து, B9-ல்:

```
=SUM(B2:B8)
```

நடுவில் உள்ள முக்காற்புள்ளியை "முதல், வரை" என்று படியுங்கள்: B2 முதல் B8 வரை. 266 வரும். B9-ஐ வலப்பக்கம் E9 வரை இழுங்கள். வரவு 10640, செலவு 6910, மிச்சம் 3730.

அவசரத்தில் B2:B9 என்று போட்டால் செல் தன்னையே தன்னோடு கூட்டப் பார்க்கும். கால்க் Err:522 என்று சொல்லும், எக்ஸெல் எச்சரிக்கைப் பெட்டி காட்டும். B8 என்று திருத்தினால் தீர்ந்தது.

*சின்ன வேலை 1.* H1-ல் 45 என்று மாற்றுங்கள். E9-ஐ மட்டும் பாருங்கள்: 5060. இப்போது கேள்வி: வாரத்துக்கு 4500 ரூபாயாவது மிஞ்ச வேண்டும் என்றால், பைசா இல்லாத முழு ரூபாயில் குறைந்தபட்ச விலை என்ன? எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். (விலை ஏறினாலும் அதே 266 பாக்கெட் விற்கும் என்று ஷீட் நம்புகிறது. கடைக்காரருக்குத்தான் உண்மை தெரியும்.) கண்டுபிடித்ததும் மறுபடி 40 ஆக்கிவிடுங்கள்.

760/-

இனி வருவதற்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். எங்கள் தெருச் சீட்டுக் கணக்கை நான் முதன்முதலில் ஷீட்டில் போட்டபோது இதில்தான் விழுந்தேன். இரண்டு பேர் பணம் கட்டவே இல்லை என்று ஷீட் காட்டியது. நானும் நம்பிப் போய்க் கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் கட்டியிருந்தார்கள்.

D6-ல் உள்ள 760-ஐ அழித்துவிட்டு, நோட்டில் எழுதும் பழக்கத்தில் 760/- என்று அடியுங்கள்.

D9-ஐப் பாருங்கள். 6910 இருந்த இடத்தில் 6150. ஒரு எச்சரிக்கையும் இல்லை, சிவப்பு இல்லை, சத்தம் இல்லை. வெள்ளிக்கிழமைச் செலவு அப்படியே காணாமல் போய்விட்டது. கூடவே இருக்கும் சாய்கோட்டையும் கோட்டையும் பார்த்து 760/- என்பதைக் கணினி ஒரு சொல்லாக எடுத்துக்கொள்கிறது. SUM சொற்களைத் தாண்டிப் போய்விடும்.

E6-ல் மட்டும் `#VALUE!` என்று கத்துகிறது, ஏனென்றால் எண்ணிலிருந்து சொல்லைக் கழிக்க முடியாது. அதனால் E9-ம் கத்தும். இந்தக் கடையில் மிச்சக் கணக்கு இருந்ததால் பிடிபட்டது. வெறும் கூட்டல் மட்டும் உள்ள ஷீட்டில் பிடிபடாது. என் சீட்டுக் கணக்கு அப்படித்தான்.

ரூ.760, 760 ரூ, 2 கிலோ எல்லாமே இதே கதைதான். அரைக் கிலோவை 1/2 என்று அடித்தால் இன்னொரு வேடிக்கை: எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும். 0.5 என்று அடியுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எண்கள் செல்லில் வலது ஓரம் ஒட்டி நிற்கும், சொற்கள் இடது ஓரம். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டால் இந்தத் துப்பு போய்விடும். அதனால்தான் எண் நிரலை நடுவில் வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நிச்சயமாகத் தெரிய வேண்டுமா? ஏதாவது காலிச் செல்லில்:

```
=COUNT(D2:D8)
```

எத்தனை செல்லில் உண்மையான எண் இருக்கிறது என்று சொல்லும். 7 வர வேண்டிய இடத்தில் 6 வரும். D6-ஐ மறுபடி வெறும் 760 ஆக்குங்கள், 7 ஆகும்.

*சின்ன வேலை 2.* பக்கத்தில் இருப்பவரை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, அவர் ஷீட்டில் B நிரலில் எங்காவது ஒரு எண்ணுக்குப் பின்னால் "பாக்" என்று சேர்த்துவிடுங்கள். அவர் COUNT வைத்துக் கண்டுபிடிக்கட்டும். பிறகு அவர் முறை.

சராசரி

B10-ல் `=AVERAGE(B2:B8)` என்று போட்டால் ஒரு நாளைக்குச் சராசரி 38 பாக்கெட் என்று வரும்.

*சின்ன வேலை 3.* வெள்ளிக்கிழமை கடையே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். B6-ஐ அழித்துக் காலியாக விடுங்கள்: சராசரி 40. B6-ல் 0 அடியுங்கள்: 34.29 அளவில் வரும். காலியை AVERAGE கணக்கில் சேர்ப்பதில்லை, பூஜ்யத்தைச் சேர்க்கிறது. கடை திறக்கும் நாளில் எவ்வளவு அரிசி ஊறப் போடுவது என்றால் எந்த எண்ணை எடுப்பீர்கள்? வாரம் முழுக்க வீட்டுச் செலவு ஓட வேண்டும் என்றால் எதை? பேசி முடித்ததும் B6-ல் 26-ஐத் திரும்ப வையுங்கள்.

இருந்தால் இது, இல்லாவிட்டால் அது

40 பாக்கெட்டுக்கு மேல் போகிற நாளில் உதவிக்கு ஆள் வேண்டும். F1-ல் "ஆள்" என்று தலைப்பிட்டு, F2-ல்:

```
=IF(B2>40,"தேவை","போதும்")
```

கேள்வி, ஆம் என்றால் பதில், இல்லை என்றால் பதில். நடுவில் காற்புள்ளிகள். இழுத்துவிட்டால் சனியும் ஞாயிறும் மட்டும் "தேவை" என்று காட்டும். சரியாக 40 விற்றால் என்ன வரும்? முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு B2-ல் 40 போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி 32 ஆக்குங்கள்.

ஃபார்முலாவை வாட்ஸ்அப்பில் வந்த செய்தியிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். மேற்கோள் குறி அங்கே வளைந்து வந்திருந்தால் கணினி ஏற்காது. பெரும்பாலும் `#NAME?` என்று நிற்கும். கையால் அடியுங்கள்.

கடன் நோட்டு

புதிய ஷீட். A1 "யார்", B1 "தொகை". கீழே வரிசையாக: டீக்கடை 200, மெஸ் 480, ஹாஸ்டல் 640, மெஸ் 320, டீக்கடை 160, மெஸ் 400. மெஸ்காரர் மொத்தம் எவ்வளவு தர வேண்டும்?

```
=SUMIF(A2:A7,"மெஸ்",B2:B7)
```

1200. எங்கே தேடுவது, யாரைத் தேடுவது, எதைக் கூட்டுவது என்ற வரிசை. 880 வந்தவர்கள் A5-ஐப் பாருங்கள், "மெஸ்"-க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டியிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்கு அது வேறு ஆள்.

*சின்ன வேலை 4.* டீக்கடைக்கும் ஹாஸ்டலுக்கும் இதேபோல் போடுங்கள். மூன்றையும் கூட்டினால் `=SUM(B2:B7)` தரும் 2200-உடன் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் யாரோ ஒருவர் பெயர் பிசகியிருக்கிறது.

வீட்டு வேலை: உங்கள் சொந்தக் கணக்கு ஒரு வாரத்துக்கு. பால், தையல், குழுச் சேமிப்பு, எதுவானாலும் சரி. கையெழுத்து நோட்டையும் எடுத்து வாருங்கள். அடுத்த வகுப்பில் முதல் பத்து நிமிடம் நோட்டின் மொத்தத்தையும் ஷீட்டின் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வேலை 1-க்கு விடை 43.