மோட்டாரோடு ஸ்டார்ட்டரையும் கழற்றி வரச் சொன்ன கடை

நீடாமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று குறுவை அறுப்பு முடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஆறு மா நிலம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் சாகுபடி முழுக்க என் பொறுப்பு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்கால் கடைசிப் பகுதி, தண்ணீர் வந்து சேர நாளாகும். அதனால் குறுவை நாற்றுக்கு பில்டர் பாயிண்ட் போர்தான் கதி. அதில் 3 எச்பி மோனோபிளாக் மோட்டார் ஓடுகிறது.

இந்த வருஷம் ஆடுதுறை 43 நாற்று நடவுக்குத் தயாராகி, ஆட்களிடமும் சொல்லி வைத்த நேரத்தில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. முந்தின வருஷமும் இதே மோட்டார் எரிந்து, வேறு ஓர் இடத்தில் காயில் கட்டியிருந்தோம். அங்கே ஏன் எரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கட்டினார்கள், காசு வாங்கினார்கள், அவ்வளவுதான். திரும்பவும் எரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்று முற்றிப்போனால் தூர் வெடிக்காது, அந்தப் பயம்.

பக்கத்து வயல்காரர் சொல்லி இந்தக் கடைக்குப் போன் செய்தேன். எடுத்த அண்ணன் முதலில் சொன்னதே, "மோட்டாரை மட்டும் கொண்டுவராதீங்கம்மா, ஸ்டார்ட்டரையும் கழட்டி எடுத்துக்கிட்டு வாங்க" என்பதுதான்.

என் கொழுந்தனார்தான் இரண்டையும் கழற்றி வண்டியில் ஏற்றினார். கடையில் மோட்டாரைத் திறந்ததும் அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேஸில் இரண்டு பேஸின் சுருள் கரியாகியிருந்தது, ஒன்று மட்டும் புதுசு போல இருந்தது. ஒரு பேஸ் வராமல் மோட்டார் ஓடினால் இப்படித்தான் எரியுமாம். ஓவர்லோடில் எரிந்திருந்தால் மூன்றுமே கருகியிருக்கும் என்றார்.

அப்புறம் ஸ்டார்ட்டரைத் திறந்தார். காண்டாக்ட் பாயிண்டில் ஒன்று அரித்துப் போய்ப் பொத்தலாக இருந்தது. அதுதான் ஒரு பேஸை விட்டு விட்டுக் கொடுத்திருக்கிறது. அது போதாதென்று, ஓவர்லோடு ரிலேயை யாரோ 10 ஆம்பியரில் வைத்திருக்கிறார்கள். எங்கள் மோட்டார் இழுப்பதே 5 ஆம்பியருக்குள்தானாம். ஒரு பேஸ் போய் மற்ற இரண்டில் கரண்டு ஏறினாலும் அந்த ரிலே எப்படி விழுந்து மோட்டாரை நிறுத்தும்? இரண்டு வருஷமாக எங்கள் பணத்தைத் தின்றது இதுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இன்னொன்று. பொதுவாக இந்த மாதிரி கடைகளில் நான் கேள்வி கேட்டால், கூட வந்த ஆம்பிளையைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். இந்த அண்ணன் கடைசி வரை என்னிடமே பேசினார். ரிலே திருகை என் கையாலேயே 5-க்குத் திருப்பச் சொன்னார். "கொட்டகையில நிக்கப்போறது நீங்கதானே, உங்களுக்குத் தெரியணும்" என்றார். இப்போது மோட்டார் டிரிப் ஆனால் உடனே ரீசெட்டை அழுத்துவதில்லை. மூன்று பேஸும் வருகிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

காயில் கட்டி, வார்னிஷ் போட்டுக் காயவைக்க நேரம் வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஆனால் அதுவரை ஓட்டிக்கொள்ள ஒரு பழைய மோட்டாரை வாடகை வாங்காமல் கொடுத்தார். அதை வைத்துத்தான் சேறடித்து, சொன்ன தேதியில் நடவை முடித்தோம். எரிந்த செம்புக் கம்பியை எடைபோட்டு, பையில் கட்டி என்னிடமே தந்ததையும் சொல்ல வேண்டும். விலை உள்ள பொருள் அது, நானாகக் கேட்டிருக்கவே மாட்டேன்.

காயில், பேரிங், காண்டாக்ட் செட், ஒரு பேஸ் போனாலே மோட்டாரை நிறுத்தப் புதிதாக மாட்டிய சிங்கிள் பேஸ் பிரிவென்டர் எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் ஆனது. முன்பு கட்டிய இடத்தைவிடக் கூடுதல்தான். இருந்தாலும் குறுவை முழுக்க ஓடி, இப்போது தாளடிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பைத் தொட்டால் முன்பு போல் கொதிப்பதில்லை.

குறை என்றால், ஜூன் மாதத்தில் கூட்டம் தாங்காது, மத்தியானம் போன் எடுக்க மாட்டார்கள். பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தானாகத் தர மாட்டார்கள். காலையில் கடை திறந்ததும் போய்விட்டால் அண்ணனே பார்ப்பார். ஸ்டார்ட்டரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் போனால் எப்படியும் திரும்ப வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.