ஆர்.ஓ. மாட்டி இரண்டு வாரம் ஆகிறது: ஒரு ரிவ்யூ எழுத முடியுமா?

வணக்கம்.

உங்கள் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் மாட்டி இன்றோடு 15 நாள் ஆகிறது. நேரமும் விருப்பமும் இருந்தால், கூகுள் மேப்ஸில் எங்கள் கடைப் பக்கத்தில் உங்கள் அனுபவத்தை நாலு வரி எழுதுங்கள். எழுதாவிட்டாலும் வருத்தமில்லை. வாரண்டி, இலவச சர்வீஸ் எதுவும் இதனால் கூடவோ குறையவோ செய்யாது. இதற்காக இன்னொரு மெசேஜோ போனோ வராது.

மாட்டிய அன்றைக்கே கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. புதுக் கார்பன் ஃபில்டரும் டேங்கும் முதல் சில நாள் தண்ணீரில் லேசான வாடை விடும். பம்ப் சத்தம் ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் உறுத்தும். சரியாக இறுகாத கனெக்டர், பம்ப் பலமுறை ஓடி நின்ற பிறகுதான் சொட்ட ஆரம்பிக்கும். ஆள் எதிரே நிற்கும்போது யாருக்கும் மனதில் உள்ளதைச் சொல்ல வாய் வராது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஐந்து நட்சத்திரம் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்று என்று தோன்றினால் ஒன்றே போடுங்கள். வேலைக்கு வந்த பையனின் சம்பளத்துக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. "அண்ணா, அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க" என்று அவர் கேட்டிருந்தால் அது தப்பு, தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். மாட்டிய எல்லா வீட்டுக்கும், புகார் சொன்ன வீடுகளுக்கும் சேர்த்து, இதே மெசேஜ்தான் போகிறது. திருப்தியா என்று முதலில் கேட்டுவிட்டு, ஆமாம் என்றவர்களுக்கு மட்டும் லிங்க் அனுப்புவதைக் கூகுள் விதி அனுமதிப்பதில்லை. ரிவ்யூவுக்கு ஈடாகத் தள்ளுபடியோ பரிசோ கொடுப்பதும் அப்படித்தான். அதனால் இதற்கு எதுவும் தரமாட்டோம்.

நட்சத்திரத்தைவிட எழுத்துதான் அடுத்தவருக்கு உதவும். தேவனாம்பட்டினத்தில் உப்புத் தண்ணீர் போரோடு இருப்பவருக்கும், மஞ்சக்குப்பத்தில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் பிடிப்பவருக்கும் தேவை ஒன்றல்ல. "சூப்பர் சர்வீஸ்" என்ற வரி இருவருக்கும் பயன்படாது. இப்படி இருந்தால் பயன்படும்:

"போர் தண்ணீர். டி.டி.எஸ். 1,400 இருந்தது, இப்போது 110 வருகிறது. சொன்ன நாளுக்கு ஒரு நாள் தள்ளித்தான் வந்தார்கள். பேசிய தொகைக்கு மேல் 300 ரூபாய் ஆனது, பிரஷர் வால்வுக்கு என்றார்கள். கழிவுத் தண்ணீர் நிறைய போகிறது என்பதை முன்பே சொல்லியிருக்கலாம்."

இது மாதிரிக்குத்தான், அப்படியே போட வேண்டாம். ஒரே வாசகம் பத்து பேர் பெயரில் இருந்தால் படிப்பவருக்கு எதிலும் நம்பிக்கை போய்விடும். உங்கள் வீட்டு டி.டி.எஸ். அளவு, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்தது, பில்லின் பின்பக்கம் எழுதியிருக்கிறது. வீட்டு முகவரி, போன் நம்பர், வந்த பையனின் பெயர் மட்டும் வேண்டாம். ரிவ்யூவை ஊரே பார்க்கும். உங்கள் கூகுள் கணக்கின் பெயரும் அதில் தெரியும்.

எழுதும் விதம்: பில்லில் உள்ள க்யூ.ஆர். கோடை போன் கேமராவில் காட்டினால் கடைப் பக்கம் திறக்கும். நட்சத்திரத்தைத் தொட்டு, கீழே உள்ள கட்டத்தில் எழுதி, Post என்பதை அழுத்துங்கள். தமிழிலேயே எழுதலாம். பிறகு மனம் மாறினால், உங்கள் ரிவ்யூவின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டுத் திருத்தலாம், நீக்கலாம். உங்கள் போனிலிருந்தே போடுங்கள். கடைக்கு வந்து கடை போனில் போட வேண்டாம். ஒரே போனிலிருந்து பல ரிவ்யூ போனால் கூகுள் போலி என்று நினைத்து நீக்கிவிடக்கூடும், உங்கள் உழைப்பு வீணாகும்.

மெஷினில் கோளாறு இருந்தால் பில்லில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள், ஆள் அனுப்புகிறோம். அதற்காக ரிவ்யூவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதலில் எழுதிவிட்டும் கூப்பிடலாம், எழுதாமலும் கூப்பிடலாம். குறை எழுதியிருந்தால் அதன் கீழேயே, என்ன நடந்தது, என்ன சரி செய்தோம் என்று பதில் போடுவோம். எடுத்துவிடுங்கள் என்று கேட்க மாட்டோம். சரியான பிறகு நீங்களாக ஒரு வரி சேர்த்தால் அது உங்கள் விருப்பம்.

கூகுள் கணக்கு இல்லாதவர்கள், முக்கியமாகப் பெரியவர்கள், இதற்காகப் புதுக் கணக்கு தொடங்க வேண்டாம். மூன்று மாதத்தில் ஸ்பன் ஃபில்டர் மாற்ற ஆள் வரும்போது ஒரு அட்டையும் உறையும் கொடுப்பார். எழுதி ஒட்டிக் கொடுங்கள். உறையைக் கடையில்தான் பிரிப்போம்.

நன்றியுடன்,
உங்கள் ஆர்.ஓ. சர்வீஸ் கடையினர்,
மஞ்சக்குப்பம், கடலூர்