புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்குக் கேள்வி-பதில்

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

வரும் மே மாதம் நம் பங்கில் புதுநன்மை வாங்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இதை எழுதியிருக்கிறோம். 'ப.' என்று தொடங்கும் வரிகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். எட்டு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லும்படிதான் அவை இருக்கின்றன. கீழே சாய்ந்த எழுத்தில் உள்ளவை பிள்ளைகளோடு பேசிப் பார்ப்பதற்கு.

1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். படித்ததை வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லச் சொன்னார். நாமும் அந்த வழியில்தான் போகிறோம். அதனால் வீட்டில் கேளுங்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேளுங்கள். வரிசையாக மட்டும் கேட்காதீர்கள், பாட்டு மாதிரி ஒப்பித்துவிடுவார்கள். நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால்தான் புரிந்திருக்கிறதா என்று தெரியும்.

கடவுள்

1. கே. உன்னைப் படைத்தவர் யார்?
ப. கடவுள்.

2. கே. ஏன் படைத்தார்?
ப. என்மேல் அன்பு இருந்ததால் படைத்தார். என்றும் தம்மோடு வாழப் படைத்தார்.

3. கே. கடவுள் எங்கே இருக்கிறார்?
ப. எங்கும் இருக்கிறார். நான் அவரைப் பார்க்க முடியாது, அவர் என்னைப் பார்க்கிறார்.

*"தப்பு செய்தால் பார்த்துக்கொண்டே இருப்பார்" என்று இதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். இருட்டில் தனியாகப் படுக்கப் பயப்படும் பிள்ளைக்குத் தைரியம் தரும் பதில் இது.*

4. கே. கடவுள் எத்தனை பேர்?
ப. கடவுள் ஒருவரே.

5. கே. அந்த ஒரே கடவுளில் எத்தனை ஆட்கள்?
ப. தந்தை, மகன், தூய ஆவியார். ஆட்கள் மூவர், கடவுள் ஒருவர்.

6. கே. இதை நாம் எப்போது சொல்கிறோம்?
ப. சிலுவை அடையாளம் போடும் ஒவ்வொரு முறையும்.

*இங்கே தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று உதாரணம் சொல்ல வேண்டாம். ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிறார் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அது நம் விசுவாசம் இல்லை. மாறாகச் சிலுவை அடையாளத்தை நிதானமாகப் போடப் பழக்குங்கள். "தந்தை" என்று நெற்றியில், "மகன்" என்று நெஞ்சில், "தூய ஆவியார்" என்று இடது தோளிலிருந்து வலது தோளுக்கு. ஈ ஓட்டுவதுபோல் கையை வீசக்கூடாது.*

இயேசு

7. கே. இயேசு யார்?
ப. கடவுளின் மகன். நமக்காக மனிதர் ஆனவர்.

8. கே. எங்கே பிறந்தார்? அவருடைய அம்மா யார்?
ப. பெத்லகேமில் பிறந்தார். அம்மா, கன்னி மரியா.

9. கே. யோசேப்பு யார்?
ப. இயேசுவை வளர்த்த தந்தை. தச்சுவேலை செய்தவர்.

10. கே. இயேசு என்ன செய்தார்?
ப. கடவுளைப் பற்றிச் சொன்னார். நோயாளிகளைச் சுகமாக்கினார். பாவங்களை மன்னித்தார்.

11. கே. ஏன் சிலுவையில் இறந்தார்?
ப. நம்மைப் பாவத்திலிருந்து மீட்க.

12. கே. கல்லறையிலேயே இருந்துவிட்டாரா?
ப. இல்லை! மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்.

*இந்த "இல்லை!" சத்தமாக வரட்டும். மற்றப் பதில்கள் எல்லாம் இதை நம்பித்தான் நிற்கின்றன.*

13. கே. சிறு பிள்ளைகளைப் பற்றி இயேசு என்ன சொன்னார்?
ப. "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்" என்றார்.

14. கே. நாம் மாதாவை வழிபடுகிறோமா?
ப. இல்லை. கடவுளை மட்டுமே வழிபடுகிறோம். மாதாவிடம், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறோம்.

*பள்ளியில் கூடப் படிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் வீட்டுப் பிள்ளைகளிடம் நிச்சயம் கேட்பார்கள். சண்டைக்குப் போகாமல் இந்தப் பதிலைச் சொல்லட்டும். "அருள் நிறைந்த மரியே" செபத்தில் இதே வேண்டுதல் எங்கே வருகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.*

திருச்சபை

15. கே. தூய ஆவியார் எங்கே குடியிருக்கிறார்?
ப. திருச்சபையில் இருக்கிறார், என் உள்ளத்திலும் இருக்கிறார்.

16. கே. திருச்சபை என்றால் கோயில் கட்டடமா?
ப. இல்லை. இயேசுவை நம்பும் நாம் எல்லாரும்தான் திருச்சபை.

17. கே. நீ எப்போது திருச்சபையில் சேர்ந்தாய்?
ப. திருமுழுக்குப் பெற்ற நாளில்.

*அந்தத் தேதியை அப்பா அம்மாவிடம் கேட்டு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். தெரியாதவர்கள் பங்கு அலுவலகப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதட்டும்.*

18. கே. ஏழு அருட்சாதனங்கள் எவை?
ப. திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம்.

நல்லது, கெட்டது

19. கே. எல்லாக் கட்டளைகளையும் இயேசு எப்படிச் சுருக்கிச் சொன்னார்?
ப. கடவுளை முழு இதயத்தோடு அன்பு செய். உன்மேல் அன்பு வைப்பதுபோல் அடுத்தவர்மேலும் அன்பு வை.

20. கே. அடுத்தவர் என்றால் யார்?
ப. எல்லாரும். எனக்குப் பிடிக்காதவரும்.

21. கே. பாவம் என்றால் என்ன?
ப. தப்பு என்று தெரிந்தே, வேண்டுமென்றே செய்வது.

22. கே. கை தவறி டம்ளர் உடைந்தால் பாவமா?
ப. இல்லை. ஆனால் "தம்பிதான் உடைத்தான்" என்று பொய் சொன்னால் பாவம்.

*முதல் ஒப்புரவுக்கு வரும் பிள்ளைகள் பலர் கணக்கில் மார்க் குறைந்ததையும், சோறு சிந்தியதையும் பாவம் என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். மறதியும் தவறுதலும் பாவம் ஆகாது. மறைப்பதும் புண்படுத்துவதும் திருடுவதும் ஏமாற்றுவதும் பாவம்.*

ஒப்புரவு

23. கே. பாவம் செய்துவிட்டால் கடவுள் உன்னை வெறுப்பாரா?
ப. மாட்டார். நான் திரும்பி வரக் காத்திருப்பார்.

24. கே. நல்ல ஒப்புரவுக்கு என்னென்ன செய்ய வேண்டும்?
ப. நினைத்துப் பார்ப்பேன். வருந்துவேன். இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடுப்பேன். சொல்வேன். பரிகாரம் செய்வேன்.

*ஐந்து விரலை மடக்கி மடக்கிச் சொல்லட்டும். உள்ளே போனதும் என்ன பேசுவது என்றுதான் பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். "ஃபாதர், இது என் முதல் ஒப்புரவு" என்று தொடங்கினால் போதும், மற்றதை அவரே கேட்டு நடத்துவார்.*

25. கே. உன் பாவங்களை ஃபாதர் அம்மாவிடம் சொல்வாரா?
ப. சொல்லமாட்டார். யாரிடமும் சொல்லமாட்டார். எப்போதும் சொல்லமாட்டார்.

*மூன்று முறையும் சொல்ல வேண்டும். இந்தப் பயம் போனால்தான் பிள்ளை வாய் திறக்கும். பெற்றோர்களே, வெளியே வந்த பிள்ளையிடம் "என்னடா சொன்னே?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். விளையாட்டுக்கும் வேண்டாம்.*

26. கே. அங்கே உன்னை மன்னிப்பவர் யார்?
ப. இயேசு. ஃபாதர் வழியாக மன்னிக்கிறார்.

27. கே. தங்கச்சியின் பென்சிலைத் திருடிவிட்டு, மன்னிப்பு மட்டும் கேட்டால் போதுமா?
ப. போதாது. பென்சிலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நற்கருணை

இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். இதற்காகத்தான் பிள்ளைகள் வருகிறார்கள்.

28. கே. நற்கருணை என்றால் என்ன?
ப. இயேசுவின் உடலும் இரத்தமும். அப்ப, இரச வடிவில் இயேசுவே.

29. கே. இயேசு எப்போது இதைத் தந்தார்?
ப. சாவதற்கு முந்தின இரவில், சீடரோடு சாப்பிடும்போது.

30. கே. அப்பத்தைக் கையில் எடுத்து என்ன சொன்னார்?
ப. "இது என் உடல்" என்றார்.

31. கே. இன்று அதே வார்த்தையை யார் சொல்கிறார்?
ப. திருப்பலியில் ஃபாதர் சொல்கிறார். அவர் வாயால் இயேசு சொல்கிறார்.

32. கே. பார்த்தால் அப்பம் மாதிரிதானே இருக்கிறது?
ப. கண்ணுக்கு அப்பம், நாக்குக்கும் அப்பம். ஆனால் இயேசு பொய் சொல்லமாட்டார்.

*பிள்ளைகள் நேர்மையாகக் கேட்கும் கேள்வி இது. "அப்படிக் கேட்கக்கூடாது" என்று அடக்க வேண்டாம். ருசி மாறாது, நிறம் மாறாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு நாவில் வைத்ததும், "ஒன்றும் தெரியவில்லையே" என்று ஏமாந்துபோவார்கள்.*

33. கே. சிறு துண்டில் பாதி இயேசுதான் இருப்பாரா?
ப. இல்லை. சின்னத் துண்டிலும் முழு இயேசு.

34. கே. நன்மை வாங்கும் முன் எவ்வளவு நேரம் சாப்பிடக்கூடாது?
ப. ஒரு மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம், மருந்து சாப்பிடலாம்.

*டீயும் பிஸ்கட்டும் சாப்பாடுதான். பபுள்கம்மும் வேண்டாம். காலை 6 மணிப் பூசைக்கு வரும் பிள்ளைக்கு மயக்கம் வராதபடி முந்தின இரவு வயிறாரக் கொடுங்கள்.*

35. கே. எப்படி வாங்குவாய்?
ப. தலைவணங்குவேன். வலது கைமேல் இடது கையை வைத்து நீட்டுவேன். ஃபாதர் "கிறிஸ்துவின் உடல்" என்பார், நான் "ஆமென்" என்பேன்.

36. கே. பிறகு?
ப. வலது கையால் எடுத்து அங்கேயே உண்பேன். கையில் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

*இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, அம்மாவிடம் காட்டவும் கூடாது. நாவில் வாங்க விரும்பும் பிள்ளை நாவில் வாங்கலாம். ஒத்திகையில் அர்ச்சிக்காத அப்பத்தை வைத்துப் பழக்கும்போது, "இது வெறும் அப்பம், அன்றைக்கு வரப்போவது இயேசு" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.*

37. கே. "ஆமென்" என்றால் என்ன சொல்கிறாய்?
ப. "ஆம், நம்புகிறேன்" என்கிறேன்.

38. கே. இடத்துக்கு வந்து என்ன செய்வாய்?
ப. கண்ணை மூடி இயேசுவோடு பேசுவேன். நன்றி சொல்வேன். வீட்டில் உள்ளவர்களுக்காக வேண்டுவேன்.

*போட்டோக்காரர் அந்த நேரத்தில் பிள்ளைகள் முகத்துக்கு நேராக வந்து நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். படம் பூசை முடிந்து எடுக்கலாம். பட்டுச் சட்டையும் வெள்ளைக் கவுனும் கேக்கும் இருக்கட்டும், அந்த ஐந்து நிமிடம் பிள்ளைக்கும் இயேசுவுக்கும் உரியது.*

புனிதர்கள்

39. கே. புனிதர் என்றால் யார்?
ப. இயேசுவை முழு மனதாக அன்பு செய்து, இப்போது விண்ணகத்தில் வாழ்பவர்.

40. கே. நம் மண்ணின் புனிதர் ஒருவரைச் சொல்.
ப. புனித தேவசகாயம். உயிரே போனாலும் இயேசுவை விடவில்லை.

*குமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்தவர், பெயர் நீலகண்டன். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் குருவோ துறவியோ இல்லை, குடும்பஸ்தர். பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.*

41. கே. நீயும் புனிதர் ஆகலாமா?
ப. ஆகலாம். அதற்குத்தான் கடவுள் என்னைப் படைத்தார்.

42. கே. புதுநன்மைக்கு அடுத்த ஞாயிறும் நன்மை வாங்குவாயா?
ப. வாங்குவேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருவேன்.

*ஜூன் முதல் ஞாயிறு இந்தப் பிள்ளைகளுக்காகவே முன்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெற்றோரும் கூட வந்து உட்காருங்கள்.*