சார்ஜரின் முதுகில் இருக்கும் பொடி எழுத்து

எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தூறலிலும் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. மதுரையில் முப்பத்தைந்து வருஷம் டிவியும் ரேடியோவும் ரிப்பேர் பார்த்தவன் நான். போன வாரக் கூட்டத்தில் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார்ஜர் தொட்டால் சுடுகிறதே, பயமாக இருக்கிறது" என்றார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

மேசைமேல் இரண்டு சார்ஜர்களைப் பிரித்து வைத்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் பக்கத்தில் வந்து பாருங்கள். ஒன்று போனோடு பெட்டியில் வந்தது. இன்னொன்று பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் எண்பது ரூபாய்க்கு வாங்கியது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். போனுக்குப் போக வேண்டியது 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் நின்று, அந்தப் பக்கத்துக் கரண்ட் இந்தப் பக்கம் தாவாமல் பார்த்துக்கொள்கிறது. நல்ல சார்ஜரில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டு, மஞ்சள் டேப்பைப் பல சுற்றுச் சுற்றியிருப்பார்கள். எண்பது ரூபாய்ச் சார்ஜரில் அந்த இடைவெளி நூல் அளவுதான். வெயிலிலும் வெக்கையிலும் அந்த டேப் இளகினால் 230 வோல்ட் நேராக வயர் வழியே போனுக்கு வரும். போன் அந்த நேரம் எங்கே இருக்கும்? நம் காதில். அதனால்தான் இந்த விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? திருப்பிப் பிடித்து முதுகைப் பாருங்கள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும், கண்ணாடி போட்டாலும் தெரியாது. போன் கேமராவில் ஒரு படம் எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் படியுங்கள். பேரப்பிள்ளைகளை எதிர்பார்க்க வேண்டாம். அதில் R- என்று போட்டு எட்டு இலக்க எண் இருக்க வேண்டும். அது இந்திய தர நிர்ணய அமைவனம் தருகிற பதிவு எண். நம் நாட்டில் விற்கிற சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் அது கட்டாயம். போலியாக அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். BIS Care என்கிற செயலியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். சார்ஜரில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால் வாங்காதீர்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, நிறையப் பேர் கேட்கிற கேள்வி. மகன் வீட்டு 65 வாட் சார்ஜரை என் பழைய போனில் போட்டால் போன் எரிந்துவிடுமா? எரியாது. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் குடம் கொள்கிற அளவுதானே மொள்ளும். அந்த மாதிரி, தேவையானதைப் போன்தான் இழுத்துக்கொள்கிறது. சார்ஜர் தரமானதாக இருந்தால் போதும். சின்னச் சார்ஜரைப் பெரிய போனில் போட்டால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணக்கு போனுக்கு மட்டும்தான். மிஷினுக்குள் செருகுகிற முனையில் உருண்டைப் பின் வைத்த அடாப்டர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், நம் வயதுக்காரர்கள் வீட்டில் அதிகம் நடக்கிற தப்பு இதுதான். எங்கள் தெருவில் ஒரு அக்கா, ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷினின் அடாப்டரைக் காணோம் என்று, இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரைக் கழற்றிச் செருகிவிட்டார். பின் கச்சிதமாகப் பொருந்தியது. மிஷின் கேட்பது 6 வோல்ட், அந்த அடாப்டர் கொடுப்பது 12 வோல்ட். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கருகல் வாடை வந்து மிஷின் போய்விட்டது. அது பரவாயில்லை, மறுநாள் அவருக்குத் தலைசுற்றல் வந்தபோது அளந்து பார்க்க ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆகவே இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லா அடாப்டர்களையும் எடுத்து, எது எதற்கு என்று வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். 'பிபி மிஷின்', 'நெட் பெட்டி', 'காது மிஷின்' என்று. புதிதாக வாங்க வேண்டி வந்தால் OUTPUT என்று போட்ட வரியைப் பாருங்கள். V-க்கு முன்னால் இருக்கும் எண் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். A-க்கு முன்னால் இருப்பது பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பக்கத்தில் ஒரு வட்டமும் கூட்டல், கழித்தல் குறியும் படமாகப் போட்டிருக்கும். அதுவும் ஒத்துப்போக வேண்டும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருகிற சாமான்களுக்கும் இதே பார்வை வேண்டும். அங்கே கரண்ட் 120 வோல்ட். INPUT என்கிற வரியில் 100-240V என்று இருந்தால் பின் மாற்றும் கட்டை போட்டுத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 120V என்று மட்டும் இருந்தால் நம் பிளக்கில் செருகவே கூடாது. முழங்கால் வலிக்கு என்று ஆசையாக அனுப்பிய மசாஜ் மிஷினாக இருந்தாலும் சரி.

இனி பராமரிப்பு. சார்ஜர் லேசாகச் சுடுவது இயல்பு. கை வைக்க முடியாமல் சுட்டாலோ, கருகல் வாடை அடித்தாலோ, உள்ளே 'கிர்ர்' என்று சத்தம் கேட்டாலோ, அதன் காலம் முடிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, தலையைப் பிடித்து இழுக்க வேண்டும். வயர் முதலில் பிய்வது கழுத்தில்தான். செம்பு தெரிந்த வயருக்கு டேப் சுற்றி ஓட்டாதீர்கள், வேறு வயர் வாங்குங்கள்.

பிளக் ஆடினால் கோளாறு சுவர்ப்பெட்டியில். ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். துண்டுக் காகிதம் சொருகி முட்டுக் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்க அது ஒன்று போதும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.

இரவில் போனைத் தலையணைக்கடியிலோ மெத்தைமேலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழி இல்லாமல் பேட்டரி கெடும், தீ அபாயமும் உண்டு. வெறும் மேசையில் வையுங்கள். சார்ஜில் இருக்கும்போது பேச வேண்டாம், கழற்றிவிட்டுப் பேசுங்கள். இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். போனின் முதுகு உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

வயர் செருகினாலும் சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். பாக்கெட்டிலும் பையிலும் இருக்கிற பஞ்சு அந்த ஓட்டைக்குள் அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு, காய்ந்த மரப் பல்குத்தியால் மெதுவாக நெம்பி எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டவே வேண்டாம்.

சார்ஜர் கொண்டுவந்திருப்பவர்கள் இப்போது மேசைப் பக்கம் வாருங்கள். பூதக்கண்ணாடியும் பிளாஸ்திரியும் மார்க்கரும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து இங்கேயே பெயர் எழுதி ஒட்டிவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் எழுந்து வர வேண்டாம், நானே உங்கள் இடத்துக்கு வருகிறேன்.