AB ஏன் BA ஆகாது? ஓர் ஆத்தங்குடிக் கல்லை வைத்துப் பார்ப்போம்

முதலாம் ஆண்டு இளங்கலைக் கணிதம், காரைக்குடி. அணிகள்: வகுப்புக் குறிப்பு

பள்ளியில் அணிப்பெருக்கலுக்குப் பரிமாற்றுப் பண்பு கிடையாது என்று ஒரு வரியில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எண்களுக்கு 3 × 5, 5 × 3 இரண்டும் ஒன்றாக இருக்கும்போது, எண்களால் ஆன அணிக்கு மட்டும் ஏன் அப்படி இல்லை? இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பலர் தேர்வு எழுதி முடித்துவிடுகிறார்கள்.

ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் அறைகளில் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துவார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் நாம் மிதிக்கும் முகம்; பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. ஆக, ஊற்றும்போது மேலிருந்து நாம் பார்க்கும் பூவும், கல்லைப் புரட்டியபின் பார்க்கும் பூவும் ஒன்றல்ல, இடவலம் மாறியிருக்கும். நமக்கு வேண்டியது இந்தப் புரட்டல்தான்.

எட்டு அங்குலக் கல். நடுப்புள்ளி ஆதி. நடுவிலிருந்து வலப்புறம் 2 அங்குலம், மேலே 1 அங்குலம் தள்ளி ஒரு சிவப்புப் பொட்டு: (2, 1). கல்லுக்கு இரண்டு வேலைகள் செய்யப்போகிறோம்.

R: 90 பாகை இடஞ்சுழியாகத் திருப்புவது.
M: இடவலமாகப் புரட்டுவது.

```
R = | 0  -1 |      M = | -1  0 |
    | 1   0 |          |  0  1 |
```

R-இன் முதல் நிரல், (1, 0) என்ற புள்ளி எங்கே போகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாம் நிரல், (0, 1) எங்கே போகிறது என்பதை. M-க்கும் அப்படியே. ஒரு தாளில் வரைந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதை மனப்பாடம் செய்வது வீண்.

முதல் வழி: ஊற்றி, புரட்டி எடுத்தாயிற்று. வளவில் பதிக்கும்போது கொத்தனார் கல்லை 90 பாகை திருப்பி வைக்கிறார். M முதலில், R பிறகு. பொட்டு (2, 1)-இலிருந்து (-2, 1)-க்குப் போய், அங்கிருந்து (-1, -2)-க்குப் போகிறது.

இரண்டாம் வழி: கண்ணாடிமேல் அச்சையே 90 பாகை திருப்பி வைத்து ஊற்றுகிறோம், பிறகு புரட்டுகிறோம். R முதலில், M பிறகு. பொட்டு (2, 1)-இலிருந்து (-1, 2)-க்கு, பிறகு (1, 2)-க்கு.

ஒரு பொட்டு கீழ் இடது மூலைப்பக்கம், மற்றது மேல் வலது மூலைப்பக்கம். நடுப்புள்ளிக்கு நேர் எதிரெதிராக நிற்கின்றன. பெருக்கியும் பார்த்துவிடலாம். புள்ளியை நிரலாக வலப்புறம் எழுதுவதால், புள்ளியை ஒட்டி நிற்கும் அணிதான் முதலில் வேலை செய்யும். ஆகவே “முதலில் M, பிறகு R” என்பதை RM என்று எழுத வேண்டும். தலைகீழாகத் தெரியும், பழகிவிடும்.

```
RM = |  0  -1 |      MR = | 0  1 |
     | -1   0 |           | 1  0 |
```

RM = -MR. இரண்டு பொட்டுகளும் எதிரெதிரே விழுந்ததற்குக் காரணம் இந்தக் குறிதான்.

வகுப்பில் இந்த இடத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: “சார், எங்க வீட்டு முகப்புல எந்தக் கல்லை எப்படித் திருப்பி வச்சாலும் பூ ஒண்ணாத்தானே தெரியுது?” நல்ல கேள்வி. நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பூவைத் திருப்பினாலும் புரட்டினாலும் அது அதுவாகவே தெரியும். அங்கே RM, MR இரண்டும் வேறுதான். வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்க அந்தப் பூவுக்கு வழியில்லை, அவ்வளவே. அதனால்தான் சமச்சீர் இல்லாத ஒற்றைப் பொட்டை எடுத்துக்கொண்டோம்.

இனி எண்களுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பொதுவாக,

```
A = | a  b |      B = | e  f |
    | c  d |          | g  h |
```

AB-இன் முதல் நிரை, இரண்டாம் நிரல் உறுப்பு af + bh. BA-இல் அதே இடத்தில் eb + fd. இங்கே b-ஐக் கவனியுங்கள். AB-இல் அது h-உடன் சேர்கிறது, BA-இல் e-உடன் சேர்கிறது. எண்கள் தங்களுக்குள் இடம் மாறத் தயார்தான். bh-ஐ hb என்று எழுத யாரும் தடுக்கவில்லை. ஆனால் எந்த எண் எந்த எண்ணைச் சந்திக்கிறது என்பதே மாறிவிடுகிறது. முதல் அணியிலிருந்து நிரை, இரண்டாம் அணியிலிருந்து நிரல் என்று எடுப்பதால் வரும் விளைவு இது. நம் உதாரணத்தில் A = R, B = M என்று வைத்தால் b = -1, h = 1, e = -1. ஒன்றில் -1, மற்றதில் 1.

நிரையை நிரலோடு பெருக்கும் இந்த விதி வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது. ஆர்தர் கெய்லி 1858-இல் அணிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரு நேரியல் மாற்றத்தைச் செய்தபின் இன்னொன்றைச் செய்தால் கிடைப்பதைத்தான் பெருக்கல் என்று கொண்டார். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலைகளுக்கு வரிசை முக்கியம் என்றால் பெருக்கலுக்கும் முக்கியம். இயற்பியல் எடுத்துப் படிப்பவர்களுக்கு: 1925-இல் ஹைசன்பர்க் எழுதிய குவாண்டம் கணக்கில் பெருக்கலின் வரிசை மாறினால் விடை மாறியது. அவை அணிகள் என்று கண்டுகொண்டவர் மாக்ஸ் பார்ன்.

தேர்வில் இது எங்கே காலை வாரும்? (A + B)² என்றதும் கை தானாக A² + 2AB + B² என்று எழுதும். சரியானது A² + AB + BA + B². நம் R, M-ஐயே போட்டுப் பாருங்கள். R² = -I, M² = I. RM + MR பூச்சிய அணி. ஆகவே (R + M)² = -I + I, அதாவது பூச்சிய அணி. நேராகப் பெருக்கினாலும் அதுவே வரும்:

```
R + M = | -1  -1 |      (R + M)² = | 0  0 |
        |  1   1 |                 | 0  0 |
```

பழைய வாய்ப்பாட்டை நம்பியிருந்தால் 2RM வந்திருக்கும். பூச்சியத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. பூச்சியமல்லாத ஓர் அணியின் வர்க்கம் பூச்சியமாகிறது என்பதும் எண்களில் காணக் கிடைக்காதது. அதேபோல AX = B என்றால் X = A⁻¹B; BA⁻¹ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

எல்லா ஜோடியும் முரண்டு பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு திருப்பல்களை எந்த வரிசையில் செய்தாலும் ஒன்றுதான். 180 பாகைத் திருப்பல் -I என்பதால் அது M-உடனும் ஒத்துப்போகும். அலகு அணி எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். AB, BA வேறாக இருந்தாலும் அவற்றின் அணிக்கோவை மதிப்பு ஒன்றே: RM, MR இரண்டுக்கும் -1.

நாளை வகுப்புக்கு வரும்போது செய்துகொண்டு வர வேண்டியவை:

1. M-உடன் பரிமாறும் எல்லா 2 × 2 அணிகளையும் கண்டுபிடியுங்கள். a, b, c, d என்று வைத்து MX = XM என்பதை விரித்தால் போதும்.

2. R-உடன் பரிமாறும் அணிகளுக்கும் அதேபோல் செய்யுங்கள். கிடைக்கும் வடிவத்தில் p, q என்று இரண்டே எண்கள் மிஞ்சும். அதற்கும் p + iq என்ற கலப்பெண்ணுக்கும் என்ன உறவு?

3. R, M இரண்டோடும் பரிமாறும் அணிகள் எவை?